மணமகன் தேவையில்லை

எண்பதுகளில் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல அரைப்பக்கம் போதும். பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம், ராசி, படிப்பு, நிறம், உயரம், அப்பாவின் உத்தியோகம், கூடப்பிறந்தவர்கள், கடைசியில் எதிர்பார்ப்பு. தமிழ் ரெமிங்டன் மெஷினில் இரண்டு கார்பன் வைத்து அடித்தால் மூன்று பிரதி கிடைக்கும். மூன்றாவது மங்கலாக விழும்; அதைத் தரகருக்குக் கொடுப்பார்கள். நான் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்து ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்தேன். மனு, வாடகைப் பத்திரம், ரேஷன் கார்டு விண்ணப்பம் எல்லாம் வரும். ஆனால் தை பிறந்தாலும் ஆவணி பிறந்தாலும் எனக்குச் சோறு போட்டது கல்யாண பயோடேட்டாதான்.

எழுதிக்கொண்டு போக வருகிறவர் அப்பாவாக இருப்பார், இல்லை தாய்மாமனாக இருப்பார். கல்யாணம் யாருக்கோ அந்த ஆளை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. சிப்காட்டில் கம்பெனிகள் வர வர, மாப்பிள்ளைகளின் தாளில் ஒரு புது வரி ஏறியது: ‘கம்பெனி வேலை, பெர்மனெண்ட்.’ காண்ட்ராக்ட் ஆளாக இருந்தால் அது ‘தனியார் துறை’ என்று அடக்கமாகிவிடும். நிறத்திலும் இப்படி ஒரு பதவி உயர்வு உண்டு. கறுப்பு மாநிறமாகும், மாநிறம் சிவப்பாகும். ‘குடும்பப்பாங்கான பெண்’ என்பதை நான் பார்க்காமலே அடிப்பேன், விரல்களுக்கே மனப்பாடம்.

மனைவியை இழந்த ஆண்களுக்கும் அடித்திருக்கிறேன். பெரும்பாலும் நாற்பதுக்குள் இருப்பார்கள். ‘குழந்தைகள் பாட்டியிடம் வளர்கின்றன’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்கு ஒரு தாள்கூட அடித்ததில்லை. ஊரில் அப்படி நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. அறுத்துக்கட்டும் வழக்கம் சில சாதிகளில் எப்போதும் இருந்தது. சுயமரியாதைக் குடும்பங்களில் மேடை போட்டே நடந்தது. அங்கெல்லாம் பெரியவர்கள் வாய்வார்த்தையில் முடித்துவிடுவார்கள், எனக்கு வேலை இருக்காது. பயோடேட்டா அடித்துக்கொடுக்கச் சொல்லும் படித்த வீடுகளில்தான் விதவை விதவையாகவே இருந்தாள். ‘தி இந்து’வை நிறுவியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889-இல் பால்ய விதவையான தன் மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்துவைத்ததற்காகச் சொந்தக்காரர்களால் ஒதுக்கப்பட்டார். அதுவும் சின்னப் பெண், அவளுக்கு முன்னால் ஒரு வாழ்க்கை கிடக்கிறது என்று வாதாட இடம் இருந்தது. 60-ஐத் தாண்டிய ஒரு பெண்மணி, ‘எனக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேண்டும்’ என்று சொல்வதற்கு அந்தச் சீர்திருத்தக்காரர்களிடம்கூட ஒரு பத்தி கிடையாது.

இப்போது அதே பஜாரில் என் கடை ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம் என்று பெயர் மாறியிருக்கிறது. என் மகளுக்குப் பாடம் நடத்திய டீச்சர் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். வயது 63. அரசுப் பள்ளியில் ஓய்வுபெற்றவர். கணவர் மாநில அரசு ஊழியராக இருந்து காலமாகி ஐந்து வருஷம். மகன் பெங்களூரு, மகள் மஸ்கட்.

“தம்பி, என் பொண்ணு என்னை என்னமோ ஒரு வெப்சைட்ல போட்டு வெச்சிருக்கா. இதைக் கொஞ்சம் தமிழ்ல மாத்திக் குடு.”

வாங்கிப் பார்த்தேன். தமிழில்தான் இருந்தது. ‘எங்கள் அம்மா அன்பானவர், பக்தியுள்ளவர், குடும்பப்பாங்கானவர். நன்றாகச் சமைப்பார். நல்ல குணமுள்ள, பொறுப்பான வரன் தேவை. உடனடித் திருமணம் விரும்பத்தக்கது.’ மேலே, ‘இந்த விவரங்களைப் பதிந்தவர்: மகள்’ என்று இருந்தது. நாற்பது வருஷத்தில் நடந்த முன்னேற்றம் அதுதான். அப்போது மகளைப் பற்றி அப்பா எழுதிக்கொடுத்தார். இப்போது அம்மாவைப் பற்றி மகள் எழுதுகிறாள். சம்பந்தப்பட்டவரை அப்போதும் யாரும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

வந்திருந்த பதில்களையும் காட்டினார். தரகர்கள் பதிவுக் கட்டணத்தோடு ஜாதகமும் கேட்டிருந்தார்கள். 63 வயதில் எந்தக் கட்டத்தில் எந்தக் கிரகம் இருந்து என்ன செய்துவிடப் போகிறது என்று தெரியவில்லை. அடுத்த ரகம், மனைவி போனபின் வீட்டில் அடுப்பு எரியாத ஆண்கள். ஒருவர் இரண்டாவது வரியிலேயே தனக்குச் சர்க்கரை, கொழுப்பு, உப்பு மூன்றும் ஆகாது, அதற்கேற்றபடி சமைக்க வருமா என்று விசாரித்திருந்தார். மூன்றாவது ரகம், கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் இன்ஜினியர். மனைவி புற்றுநோயில் இறந்தாளாம், ஒரே மகள் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். நான்காம் நாளே ‘என் உயிரே’ என்று எழுதியிருந்தார். வீடியோவில் வரச் சொன்னால் நடுக்கடலில் சிக்னல் இல்லை; பரிசுப் பெட்டி அனுப்ப மட்டும் வழி இருக்கிறது.

“நாலாங்கிளாஸ்ல காப்பி அடிச்ச பசங்களைப் புடிச்சவ நான். இவனைப் புடிக்க மாட்டேனா?” என்றார் டீச்சர். பிடிக்காதவர்கள் நிறையப் பேர். அந்தப் பெட்டி ஏதாவது ஒரு விமான நிலையத்தில் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும், தீர்வை கட்டச் சொல்லி ஒரு பெண் அதிகாரி போனில் பேசுவாள். கட்டினால் அபராதம் என்று இன்னொரு தொகை வரும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்தால்தான் வங்கிக் கணக்கை முடக்கவாவது பார்க்கலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் கேவலம் என்று இரண்டு நாள் யோசித்தால் அந்தப் பணம் கைமாறிப் போயிருக்கும். இந்த வயதுக்காரர்களைக் குறிவைப்பதற்குக் காரணமே அந்த வெட்கம்தான்.

இத்தனை பேரையும் வரவழைத்தது அந்த நாலு வரிதான் என்று எனக்குப் பட்டது. ‘நன்றாகச் சமைப்பார்’ என்பதைப் படித்துச் சமையல்காரி தேடுகிறவர்கள் வந்தார்கள். ‘உடனடி’ என்பதைப் படித்து மோசடிக்காரன் வந்தான். ‘வரன்’ என்பதற்குத் தரகர் வந்தார். டீச்சர் தேடுகிற மாதிரி ஒரு ஆள் அதைப் படித்திருந்தாலும், தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

டீச்சருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா, அந்தப்பக்கம் ஆந்திரா. எங்கள் தாலுகாவில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு பாஷை, பஜாரில் ஒரு பாஷை. தெலுங்குப் பேப்பரில் ஐதராபாத்தின் ‘தோடு நீடா’ பற்றிப் படித்திருந்தார். ராஜேஸ்வரி என்ற அம்மாள் 2010-இல் மூத்தவர்களுக்காகவே தொடங்கியது அது. அதற்கும் முன்னால் அகமதாபாத்தில் நட்டுபாய் படேல் என்பவர், 2001 குஜராத் பூகம்பத்தில் துணையை இழந்து நின்றவர்களைப் பார்த்துவிட்டு இதே வேலையில் இறங்கினார். அங்கே மூத்தவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டுவார்கள். அவரவரே எழுந்து மைக்கில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சொல்வதும் இல்லை, மகள் சொல்வதும் இல்லை. கல்யாணம்தான் என்ற கட்டாயமும் கிடையாது, சேர்ந்து வாழ்ந்து பார்க்கிறோம் என்றாலும் சரி. நாட்டில் மனைவியை இழந்தவர்களைவிடக் கணவனை இழந்தவர்கள்தான் பல மடங்கு அதிகம். ஆனால் இந்தக் கூட்டங்களில் ஆண்கள்தான் வரிசையில் நிற்பார்கள், பெண்கள் வருவது குறைவு.

“ஏன் வரணும்? திரும்பவும் ஒரு ஆளுக்கு ஆக்கிப் போடறதுக்கா?” என்றார் டீச்சர். அந்த வரிதான் புதிய தாளின் முதல் வரி என்று முடிவு செய்தேன். டீச்சர் வேண்டாம் என்றார், நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். “சாயங்காலம் அஞ்சு மணியிலேருந்து ஒம்போது மணி வரைக்கும் என்ன பண்றீங்க டீச்சர்?”

இதற்குத்தான் கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. காலையில் கோலம், காய்கறிக்காரர், பேப்பர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு என்று மதியம்வரை ஓடிவிடுகிறது. அஞ்சு மணிக்கு டீ போட்டால் ஒரு டம்ளர்தான் போட வேண்டியிருக்கிறது. பேப்பரில் படித்த செய்திக்கு மறுத்துப் பேச ஆள் இல்லை. சீரியல் பிடிக்காது. குளியலறையில் ஒருநாள் வழுக்கி உட்கார்ந்தபோது, மறுநாள் பால்காரர் வரும்வரைக்கும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும் என்று தோன்றியதாம். இதில் ஒன்றுகூட அந்த வெப்சைட்டின் கட்டங்களில் இல்லை. அங்கே உயரம் இருந்தது, உடல்வாகு இருந்தது, செவ்வாய் தோஷம் இருந்தது.

அடுத்து, கல்யாணமா, கூட வாழ்வதா, அவரவர் வீட்டிலிருந்து சந்திப்பதா என்று கேட்டேன். கல்யாணம் என்றால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். டீச்சருக்கு இரண்டு பென்ஷன். ஒன்று அவர் வேலை பார்த்து வாங்குவது. அதை யாரும் தொட முடியாது. இன்னொன்று கணவருக்காக வரும் குடும்ப ஓய்வூதியம். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-ன்படி அது மனைவி இறக்கும்வரை, அல்லது மறுமணம் செய்துகொள்ளும்வரை. கணவரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் அதில் 30 சதவீதம், அதாவது 12,000 ரூபாயும் அகவிலைப்படியும். கழுத்தில் தாலி ஏறியதும் அது நின்றுவிடும். வருஷா வருஷம் சார்கருவூலத்து நேர்காணலில், ‘மறுமணம் செய்துகொள்ளவில்லை’ என்று டீச்சர் உறுதிமொழி கொடுக்கிறார். இந்த ஊரில் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரே ஆள் கருவூலம்தான்.

கம்பெனித் தொழிலாளியின் மனைவிக்கும் இதே கதைதான். பி.எஃப். அலுவலகம் தரும் விதவை ஓய்வூதியமும் மறுமணத்தோடு போய்விடும். அதில் குறைந்தபட்சம் 2014-லிருந்து 1,000 ரூபாய். அரசு தரும் ஆதரவற்ற விதவை உதவித்தொகை 1,200. தொகை சின்னதுதான். ஆனால் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் சொந்தமாக வேறு வருமானம் இல்லாத ஒரு அம்மாவுக்கு மளிகைக் கடை பாக்கியைத் தீர்ப்பது அந்தப் பணம்தான். துணை வேண்டுமா மளிகை வேண்டுமா என்று கேட்டால் எதைச் சொல்வாள்?

“அப்போ பதிவு கிதிவு இல்லாம, நாலு பேர் முன்னாடி சும்மா மாலை மாத்திக்கிட்டா?” என்று கேட்டார் டீச்சர். இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். வேறு மாநிலத்தில் என்றால் எப்படியோ, தமிழ்நாட்டில் மாலை மாற்றுவது சும்மா இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ முன்னிலையில், புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ அது சட்டப்படி கல்யாணம். ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். சுயமரியாதைத் திருமணத்துக்காகக் கொண்டுவந்த அந்த நல்ல சட்டம், பென்ஷன் வாங்கும் அம்மாவை இந்த இடத்தில் மடக்கிவிடுகிறது. மாலையை மாற்றிக்கொண்டு கருவூலத்தில் போய் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்டால், தெரியவரும் நாளில் வாங்கியதை எல்லாம் திருப்பிக் கேட்பார்கள்.

கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்வதில் தடை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால், 2010-இல் கோவையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு வழக்கில் சொன்னபடி, இருவரும் மணமாகும் தகுதியுள்ளவர்களாக, கணிசமான காலம் ஒன்றாக வசித்து, ஊரார் முன் கணவன் மனைவி போலவே இருந்திருக்க வேண்டும். ஆக, ஒரு சட்டத்துக்கு நாம் கணவன் மனைவி போல நடந்துகொள்ள வேண்டும், இன்னொரு சட்டத்துக்கு அப்படி இல்லவே இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். டீச்சர் இதைக் கேட்டு நன்றாகச் சிரித்தார்.

பெங்களூரிலிருந்து மகன் போனில் வந்தார். அவருக்கு அம்மாவின் சாயங்காலத்தைவிட வீட்டைப் பற்றித்தான் கவலை. நியாயமான கவலைதான், ஆனால் எவ்வளவு கவலை என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. வீடு அப்பா பெயரில் இருந்தது, அவர் உயில் எழுதவில்லை, பாட்டி முன்பே காலமாகிவிட்டார். ஆகவே மனைவி, மகன், மகள் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. மறுமணம் செய்துகொண்டாலும் டீச்சரின் பங்கு அவருடையதுதான். 1856-இல் விதவை மறுமணத்தைச் செல்லுபடியாக்கிய சட்டமே, மணந்துகொண்டால் முன்னாள் கணவன் சொத்தை விட்டுவிட வேண்டும் என்றது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டது. 1956-இன் வாரிசுரிமைச் சட்டத்தில் அந்த நிபந்தனை மனைவிக்கு இல்லை. இதை 2008-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. சிக்கல் வருவது அதற்குப் பிறகு. டீச்சர் மணம் செய்துகொண்டு, உயில் எழுதாமல் இறந்துபோனால், அவருடைய மூன்றில் ஒரு பங்கு மகனுக்கும் மகளுக்கும் புதிய கணவருக்கும் சமமாகப் போகும். மொத்த வீட்டில் ஒன்பதில் ஒரு பாகம். அரை கிரவுண்டில் 133 சதுர அடி. ஒரு அறைகூடத் தேறாது, ஆனால் வீட்டை விற்க அவருடைய கையெழுத்து இல்லாமல் முடியாது. மகனின் பயத்துக்கு அளவு அதுதான்.

அதற்கு மருந்து உயில். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதினால் வெள்ளைத்தாளும் செல்லும். பின்னால் தகராறு வரக்கூடாது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம். டீச்சர் பதிந்தார். அதற்குப் பிறகு மகன் ‘அம்மாவோட சந்தோஷம்தான் முக்கியம்’ என்றார். எனக்கு இதில் அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. நான் தாள் அடித்துக் கொடுத்த கல்யாணங்களில் நகையும் ரொக்கமும் பேசி முடித்தபின்தானே எல்லோரும் மனப்பொருத்தம் என்றார்கள்.

பிறகு எழுதினோம். மகளின் பெயரை எடுத்துவிட்டுப் ‘பதிந்தவர்: நானே’ என்று மாற்றினோம். இது டீச்சர் திருத்தி முடித்த வடிவம்:

‘வயது 63. ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமாகி ஐந்து ஆண்டுகள். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தனியாக வசிக்கிறேன். விடிகாலையில் எழுந்துவிடுவேன். இரவு ஒன்பதுக்குமேல் டி.வி. சத்தம் ஆகாது. எனக்கு நாள் நீள்வது மாலை ஐந்திலிருந்துதான். அந்த நேரத்தில் பேச ஒரு துணை தேடுகிறேன். செய்தித்தாள் படித்து வாதம் செய்வேன். தோற்றால் கோபித்துக்கொள்ளாதவராக இருந்தால் நல்லது. பழவேற்காடு, திருவள்ளூர் வீரராகவர் கோயில் என்று ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வரப் பிடிக்கும்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மறுகண் பாக்கி. ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று நின்றுதான் ஏறுவேன்.

என் வீட்டைவிட்டு வரமாட்டேன். கூடத்தில் கணவர் படம் இருக்கும். மூன்று வேளையும் இன்னொருவருக்குச் சமைக்க இயலாது. ஒரு வேளை சேர்ந்து சமைக்கலாம்.

திருமணம் இப்போது எண்ணத்தில் இல்லை. முதல் ஆறு மாதம் அவரவர் வீட்டில் இருந்துகொண்டு பேச்சும் சந்திப்பும் மட்டும். பணம் கொடுக்கல் வாங்கல் கிடையாது. என் பிள்ளைகளுக்கு இது தெரியும், உங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாதி பார்க்கவில்லை. 60 முதல் 70-க்குள், துணையை இழந்தவர் அல்லது சட்டப்படி பிரிந்தவர், மின்சார ரயிலில் வந்துபோகும் தூரம். எழுதும்போது உங்கள் சாயங்காலம் எப்படிப் போகிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள்.’

அந்தக் கடைசி வரிதான் சல்லடை. எண்ணெய்க் கிணற்று ஆசாமிகள் ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புகிறவர்கள். சாயங்காலத்தைப் பற்றி எழுத அவர்களுக்கு நேரம் கிடையாது. உப்பில்லாச் சமையல்காரருக்கும் அதைக் கேட்டது புரியாது. பள்ளிக்கூடத்தின் பெயர், தெரு, பென்ஷன் தொகை, வீடு சொந்தம் என்ற தகவல், போன் நம்பர் எதையும் போடவில்லை. இதற்கென்றே ஒரு மெயில் ஐ.டி. திறந்தோம். படத்தில் மட்டும் தகராறு. மகள் மஸ்கட்டிலிருந்து அனுப்பியதில் டீச்சருக்கு நாற்பது வயது. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் நெகடிவில் பென்சில் தீட்டிச் செய்ததை இப்போது போனே செய்கிறது. டீச்சர் அதை நீக்கச் சொல்லிவிட்டு, கடை வாசலில் நின்று மூக்குக்கண்ணாடியோடு ஒன்று எடுத்துக்கொண்டார். நகை போடவில்லை.

பதில்கள் முன்பைவிட ரொம்பக் குறைந்துவிட்டன. மகளுக்கு அதில் வருத்தம். எனக்கு அதில் திருப்தி. வந்தவற்றில் ஒன்று, ரோலிங் மில்லில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்ற 67 வயதுக்காரருடையது. மில்லை விட்டும் உடம்பு ஷிப்டை விடவில்லையாம், நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடுமாம். சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற கூட்ஸ் வண்டியில் எத்தனை பெட்டி என்று எண்ணுவாராம். எண்ணியதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்று எழுதியிருந்தார். ஒற்றுப்பிழைகள் ஏராளம். டீச்சர் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் வட்டம் போட்டார். போட்டுவிட்டுத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சில வாரம் மெயில், அப்புறம் வீடியோவில் ஒரு பேச்சு, அப்புறம் அவருடைய மகள் டீச்சரோடு தனியாகப் பேசினாள். நேரில் பார்ப்பதற்கு முன் இருவரும் அவரவர் துணையின் இறப்புச் சான்றிதழ் நகலைக் காட்டிக்கொண்டார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் மனைவி உயிரோடு இருக்கும்போதே ‘இழந்தவர்’ ஆகிவிடுகிற ஆண்கள் உண்டு. முன்பெல்லாம் ஜாதகம்தான் என்னிடம் ஜெராக்ஸுக்கு வரும். இப்போது இறப்புச் சான்றிதழ் வந்தது.

சந்தித்தது சிறுவாபுரி முருகன் கோயிலில். ஆறு செவ்வாய்க்கிழமை போனால் சொந்த வீடு அமையும், கல்யாணம் கைகூடும் என்று ஊரே போகிற இடம். அதனாலேயே இவர்கள் புதன்கிழமை போனார்கள். டீச்சர் பக்கத்துக்கு நானும், அவர் பக்கத்துக்கு மகளும். மில்லில் முப்பது வருஷம் இரும்புச் சத்தம் கேட்ட காது என்பதால் அவர் பேசியது பிராகாரம் முழுக்கக் கேட்டது. “நீங்க காதுக்கு மெஷின் வாங்குங்க, அப்புறம் நம்ம பேசலாம்” என்றார் டீச்சர். “ஆவட்டும் டீச்சர்” என்றார் அவர், பள்ளிக்கூடத்துப் பையன் போல. ஒரு காதுக்கு வாங்கினார்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. வாரத்தில் மூன்று சாயங்காலம் அவர் ரயிலேறி வருகிறார், எட்டரை வண்டிக்குத் திரும்பிவிடுகிறார். ஒரு வேளை சேர்ந்து சமைக்கிறார்கள். வெங்காயம் உரிப்பது அவர். கல்யாணம் இல்லை, ஒரே வீடும் இல்லை. நேர்காணலில் டீச்சர் தயங்காமல் கையெழுத்துப் போடுகிறார், அது உண்மையும்கூட. இந்த ஏற்பாட்டில் ஓட்டை இல்லாமல் இல்லை. மறுகண் ஆபரேஷனுக்கு அவர்தான் கூடப் போனார், ஆனால் சம்மதப் படிவத்தில் ‘உறவு’ என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல், மகன் ராத்திரி வண்டி ஏறி வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு டீச்சர் கைப்பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறார். அவசரத்துக்கு முதலில் அழைக்க வேண்டிய எண் என்று மில்காரருடையது, இரண்டாவதாக மகனுடையது. அந்த அட்டையால் படிவத்தில் கையெழுத்துப் போட முடியாது. போன் அடிக்கும், அவ்வளவுதான்.

போன வாரம் டீச்சர் அந்த வெப்சைட்டிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொன்னார். நீக்கு என்று அழுத்தினால் அது சும்மா விடுவதாக இல்லை. காரணம் என்ன என்று கேட்டது. எங்கள் மூலம் திருமணம் நிச்சயமாகிவிட்டது, வேறு வழியில் நிச்சயமாகிவிட்டது, இப்போது திருமணத்தில் விருப்பமில்லை, பிற.

“பிற போடு தம்பி.”

பிற போட்டேன். விளக்கவும் என்று ஒரு கட்டம் திறந்தது. என்ன எழுத டீச்சர் என்றேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது பொறுமை இழந்து, திருமணப் புகைப்படம் அனுப்பினால் பரிசுக் கூப்பன் உண்டு என்றது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

“வெங்காயம் உரிக்கற போட்டோ அனுப்பினா குடுப்பானா, கேளு.”